முதல் இலக்கம் சொல்லும் சேதி

தமிழ் விக்கிப்பீடியாவில் ‘தமிழ்’ என்ற கட்டுரையை ஒருவர் திறக்கிறார். முகவரியைத் தட்டி என்டரை அழுத்தியதும் பக்கம் வந்துவிடுகிறது. அந்தக் கண நேரத்துக்குள் அவருடைய பிரவுசரும் எங்கோ இருக்கும் சர்வரும் பல சுற்றுப் பேசி முடித்திருக்கின்றன. வலைத்தளம் உருவாக்கப் படிக்கும் மாணவர்கள் இந்தப் பேச்சின் வரிசையைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

பேச்சு தொடங்குமுன் முகவரி தெரிய வேண்டும். ta.wikipedia.org என்ற பெயர் மனிதர்களுக்கானது. தகவல் போய்ச்சேர எண்களாலான ஐ.பி. முகவரி தேவை. அதை டி.என்.எஸ். என்னும் பெயர்ப் பதிவேட்டிடம் பிரவுசர் கேட்டு வாங்குகிறது. பிறகு அந்த முகவரியின் 443-ஆம் போர்ட்டில் இணைப்பு ஏற்படுத்துகிறது. சர்வர் தன் சான்றிதழைக் காட்டுகிறது. பிரவுசர் அதைச் சோதிக்கிறது. இனி பேசுவதை வேறு யாரும் படிக்க முடியாதபடி இரண்டும் ரகசியச் சாவி ஒன்றை முடிவு செய்துகொள்கின்றன. இதற்குப் பிறகே கோரிக்கை கிளம்புகிறது:

```
GET /wiki/%E0%AE%A4%E0%AE%AE%E0%AE%BF%E0%AE%B4%E0%AF%8D HTTP/1.1
Host: ta.wikipedia.org
```

அந்த நீளமான சரம் வேறொன்றுமில்லை, ‘தமிழ்’ என்ற சொல்தான். கணினிக்கு அதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து உறுப்புகள். ஒவ்வொன்றும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகிறது. ஆகவேதான் 45 எழுத்துகள். இரண்டாவது வரியும் முக்கியமானது. பல மொழி விக்கிப்பீடியாக்கள் ஒரே ஐ.பி. முகவரியில் பதில் சொல்வதால், எந்தத் தளம் வேண்டும் என்பதை Host வரிதான் சொல்கிறது. புதிய பதிப்புகளில் இதே விவரங்கள் சுருக்கப்பட்ட வடிவில் போகின்றன, பொருள் மாறுவதில்லை.

பதிலின் முதல் வரியில் ஸ்டேட்டஸ் கோடு எனப்படும் மூன்று இலக்க எண் வரும். 200 என்றால் கேட்டது கிடைத்தது. அதன் பின்னால் வரும் பக்கத்தைப் படிக்கும்போதே பிரவுசர் படங்களுக்கும் அலங்காரக் கோப்புகளுக்கும் தனித்தனிக் கோரிக்கைகளை அனுப்பத் தொடங்கிவிடும். ஏற்கெனவே திறந்த இணைப்பையே அவற்றுக்கும் பயன்படுத்தும். ஆனால் விக்கிப்பீடியாவின் படங்கள் upload.wikimedia.org என்ற வேறு பெயரில் இருப்பதால், அதற்கு மட்டும் முகவரி தேடலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய 1991-ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்த எண்ணே கிடையாது. தவறு நேர்ந்தால் அதைச் சொல்லும் பக்கம் ஒன்று வரும்; படிக்கும் மனிதருக்குப் புரியும், பிரவுசருக்குப் புரியாது. 1996-இல் ஆவணமாக வெளியான 1.0 பதிப்பில் எண்கள் இடம்பெற்றிருந்தன.

எல்லா எண்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்பதை முதல் இலக்கமே சொல்லிவிடும். 1 என்றால் இடைக்காலத் தகவல். அரிதாகத்தான் கண்ணில் படும். 2 என்றால் வேலை முடிந்தது. 3 என்றால் பிரவுசருக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி: 301 வந்தால் புதிய முகவரிக்குப் போக வேண்டும், 304 வந்தால், முன்பே சேமித்து வைத்த நகல் மாறவில்லை, அதையே காட்டலாம். 4 என்றால் கோரிக்கையில்தான் சிக்கல்: 401 அடையாளம் கேட்கிறது, 403 அனுமதி மறுக்கிறது, 404 அப்படியொரு பக்கம் இல்லை என்கிறது. 5 என்றால் கோரிக்கை சரி, சர்வரால்தான் முடியவில்லை. தேர்வு முடிவு வெளியாகும் காலையில் கூட்டம் தாங்காத தளம் தரும் 503 இந்த வகை. பிரவுசருக்குத் தெரியாத எண் வந்தாலும் தடுமாற்றமில்லை. 471 என்று ஒன்று வந்தால் அதை 400 போலவே நடத்த வேண்டும் என்பது விதி.

பக்கத்தில் தெரியும் வாசகத்தை நம்பி எண்ணை முடிவு செய்யக் கூடாது. விக்கிப்பீடியாவில் இல்லாத தலைப்பைத் திறந்தால் முழு வடிவமுள்ள பக்கம் வரும். எண் என்னவோ 404. சில தளங்கள் இதற்கு நேர்மாறாக, ‘பக்கம் இல்லை’ என்று எழுதிவிட்டு 200 அனுப்புகின்றன. அது தேடுபொறிகளைக் குழப்பிவிடும். பிரவுசரில் F12 அழுத்தி, Network பகுதியில் பார்த்தால் உண்மை தெரியும். கீழுள்ள கட்டளையும் போதும். பக்கத்தைக் கொண்டுவராமல் எண்ணையும் தலைப்பு வரிகளையும் மட்டும் காட்டும்:

```
curl -I http://ta.wikipedia.org/
```

இங்கே http என்று கேட்டதால் 301 வரும். போக வேண்டிய https முகவரி Location வரியில் இருக்கும்.

சில நேரம் எண்ணே வராது. பெயருக்கு முகவரி கிடைக்காவிட்டாலோ, சான்றிதழ் காலாவதியாகியிருந்தாலோ கோரிக்கை கிளம்பவே இல்லை. திரையில் தெரிவது பிரவுசர் தானே எழுதிய பிழைச்செய்தி. ஜாவாஸ்கிரிப்டில் புதிதாக fetch எழுதுபவர்கள் வழுக்கி விழும் இடமும் இதுதான். எந்தப் பதிலும் வராதபோதுதான் fetch தோல்வி என்று அறிவிக்கும். 404-உம் 500-உம் அதன் கணக்கில் வந்து சேர்ந்த பதில்களே; எண் 200-க்கும் 299-க்கும் இடையில் இருக்கிறதா என்பதை response.ok கொண்டு தனியே சோதிக்க வேண்டும்.