மாடிப்படியும் அரை எச்.பி. மோட்டாரும்

கீழ்த்தொட்டித் தண்ணீரை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்ற நம்மில் பலர் வீட்டில் அரை எச்.பி. மோட்டார் வைத்திருக்கிறோம். மாடி ஏறும்போது நம் கால்கள் செய்வதும் அதே வேலைதான். தண்ணீருக்குப் பதில் உடம்பைத் தூக்குகின்றன. அந்தக் கால்கள் எத்தனை எச்.பி. என்று தெரிந்துகொள்ள ஓர் அளவு டேப், எடை பார்க்கும் இயந்திரம், கைபேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், இந்த மூன்றும் போதும்.

என் வீட்டில் தரைத்தளத்திலிருந்து முதல் மாடிக்கு 20 படிகள். ஒவ்வொரு படியும் 16 செ.மீ. உயரம் என்பதால் மொத்த ஏற்றம் 3.2 மீட்டர். என் எடை 60 கிலோ. வழக்கமான நடையில் ஏறி முடிக்க 16 விநாடி ஆகிறது.

பூமி ஒவ்வொரு கிலோவையும் சுமார் 9.8 நியூட்டன் விசையோடு கீழே இழுக்கிறது. அப்படியானால் என்னை இழுக்கும் விசை 588 நியூட்டன். அதை எதிர்த்து 3.2 மீட்டர் ஏறினால் செய்த வேலை சுமார் 1,880 ஜூல். 16 விநாடியால் வகுத்தால் 118 வாட். இதுதான் திறன். சூத்திரமாக எழுதினால் இவ்வளவுதான்:

P = m × g × h ÷ t

ஒரு எச்.பி. என்பது 746 வாட். ஆக, நிதானமாக ஏறும்போது நான் அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று மேலே ஓடிய ஒருநாள் அதே படிகளை 6 விநாடியில் கடந்தேன். அப்போது 314 வாட், அரை எச்.பி. மோட்டாரின் 373 வாட்டுக்கு வெகு தூரமில்லை. இரண்டு முறையும் செய்த வேலை அதே 1,880 ஜூல்தான். மூச்சு வாங்க வைத்தது வேலையின் அளவு அல்ல, அதைச் செய்த வேகம். கையில் 10 லிட்டர் தண்ணீர்க் குடம் இருந்தால் அதையும் சேர்த்து 70 கிலோ என்று போட வேண்டும். குடமும் கூடவே மேலே வருகிறதே!

இந்தக் கணக்கில் பிள்ளைகள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டேப்பைக் கைப்பிடியோடு சாய்வாகப் பிடித்து அளந்துவிடுவார்கள். கால் வைக்கும் அகலம் 28 செ.மீ., உயரம் 16 செ.மீ. என்றால் ஒரு படியின் சாய்வு நீளம் 32 செ.மீ. வருகிறது, அதாவது உயரத்தைப் போல் இரண்டு மடங்கு. விடையும் இரண்டு மடங்காகிவிடும். நிதானமாக நடந்தவருக்கே 230, 240 வாட் என்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டேப் போன வழியைத்தான். நமக்கு வேண்டியது செங்குத்து உயரம் மட்டுமே.

அடுத்தது நேரம். ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவதில் அரை விநாடி பிசகினால், 16 விநாடி நடையில் அது 3 சதவீதப் பிழை. 4 விநாடி ஓட்டத்தில் 12 சதவீதத்துக்கு மேல். எனவே வேகமாக ஓடுகிறவர் பல முறை ஓடிச் சராசரி எடுப்பது நல்லது. நடுவே நீளமான லேண்டிங் இருந்தால், அதைக் கடக்கும் நேரத்தில் கடிகாரம் ஓடும், உயரம் கூடாது. திறன் குறைந்து தெரியும்.

கிடைக்கும் எண் உடம்பைத் தூக்கியதற்கானது மட்டும் என்பதையும் மறக்கக் கூடாது. நின்ற இடத்திலிருந்து வேகமெடுப்பது, கைகளை வீசுவது, திருப்பத்தில் வேகத்தை அடக்கி மறுபடி கிளம்புவது எல்லாம் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. உணவிலிருந்து தசைகள் எடுக்கும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் தூக்கும் வேலையாகிறது, மீதி வெப்பமாகப் போகிறது. 118 வாட்டுக்காக உடம்பு செலவழிப்பது 470 வாட் அளவுக்கு. மாடி ஏறியதும் வியர்ப்பது இதனால்தான்.

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் படியேறும் ஓட்டப்பந்தயம் நடப்பதுண்டு. 86 மாடிகள், 1,576 படிகள், சுமார் 320 மீட்டர் உயரம். ஆஸ்திரேலியாவின் பால் கிரேக் 2003-ல் அதை 9 நிமிடம் 33 விநாடியில் ஏறினார். அவர் எடை தெரியாமலே கணக்குப் போடலாம். ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் என்று பார்த்தால் போதும். 320-ஐ 9.8-ஆல் பெருக்கி 573 விநாடியால் வகுத்தால் கிலோவுக்கு 5.5 வாட் வருகிறது. பாலைக் காப்பாற்ற நான் ஓடியபோது என் கால்கள் கொடுத்தது கிலோவுக்கு 5.2 வாட். அதை நான் தாங்கியது 6 விநாடி. அதைவிடச் சற்றுக் கூடுதலாக அவர் ஒன்பதரை நிமிடம் விடாமல் கொடுத்திருக்கிறார்.