எடை ஏறுகிறது, மார்பு ஏறவில்லை

பெஞ்ச் பிரஸ்ஸில் ஒரு காலத்தில் 60 கிலோவுக்குத் திணறியவர் இன்று 80 கிலோவை எட்டு முறை தள்ளுகிறார். தோள் உருண்டு நிற்கிறது, கையின் பின்பக்கம் தடித்திருக்கிறது. மார்பு மட்டும் பழையபடியே தட்டையாக இருக்கிறது. எந்த ஜிம்முக்குப் போனாலும் இப்படி ஒருவரையாவது பார்க்கலாம். இதற்கு அவர் தேடும் வைத்தியமும் ஒன்றே: திங்கட்கிழமை செஸ்ட் நாளில் இன்னும் நாலு செட் கூட்டுவது. கூட்டிய செட் எந்தத் தசைக்குப் போய்ச் சேர்கிறது என்பதை அவர் பார்ப்பதில்லை. அதைச் சரிசெய்யாதவரை கூடுதல் உழைப்பும் ஏற்கனவே வளர்ந்த தோளுக்கும் ட்ரைசெப்ஸுக்குமே போகும்.

காரணம் உடற்கூற்றில் இருக்கிறது. பெக்டோராலிஸ் மேஜர் என்ற மார்புத் தசை விரித்த விசிறியைப் போன்றது. அகன்ற பக்கம் காறை எலும்பிலும் நடு நெஞ்செலும்பிலும் விலாக் குருத்தெலும்புகளிலும் ஒட்டியிருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் நார்கள் அனைத்தும் குவிந்து, மேற்கை எலும்பின் மேல்பகுதியில் போய்ப் பிடித்துக்கொள்கின்றன. முழங்கை வரை அவை வருவதே இல்லை. ஆகவே முழங்கையை நீட்டுவதில் மார்புக்கு எந்தப் பங்கும் கிடையாது. மேற்கையை உடலுக்குக் குறுக்கே முன்னால் இழுத்துக் கொண்டுவருவதுதான் அதன் முதன்மையான வேலை.

பெஞ்ச் பிரஸ்ஸில் இரண்டு மூட்டுகளும் அசைய வேண்டும். தோள்மூட்டில் மார்பும் முன்தோளும் உழைக்கின்றன, முழங்கையில் ட்ரைசெப்ஸ் உழைக்கிறது. யாருக்கு எவ்வளவு சுமை என்பதை நாம் பிடிக்கும் பிடியும் முழங்கை நிற்கும் இடமும் தீர்மானிக்கின்றன. பார் நெஞ்சைத் தொடும் கணத்தில் முழங்கை தோளிலிருந்து பக்கவாட்டில் விலகி நின்று, முன்கை செங்குத்தாக இருந்தால் சுமையின் பெரும்பங்கு தோள்மூட்டில் விழுகிறது. மார்பு வேலைக்கு வந்தே ஆக வேண்டும். பிடியைக் குறுக்கி முழங்கையை விலாவோடு ஒட்டினால் கை முழங்கையைவிட உள்ளே போய்விடும், சுமை ட்ரைசெப்ஸுக்கு நகரும். பார் இரண்டு விதத்திலும் மேலே போகும். எடை ஏறுவதைப் பார்த்து மார்பும் ஏறுவதாக நம்பிவிடுவது இப்படித்தான்.

மார்பு பின்தங்கியவர்களின் பெஞ்ச் பிரஸ்ஸைப் பக்கவாட்டிலிருந்து செல்போனில் படம்பிடித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு தவறுகள் தெரியும். ஒன்று, பார் கீழே வரும்போது தோள்கள் பெஞ்சை விட்டு முன்னால் உருண்டு வருவது. அப்போது மேற்கை போதிய அளவு பின்னால் போகாது, மார்பு நார்கள் நன்றாக நீளாது, சுமையை முன்தோள் ஏந்திக்கொள்ளும். தோளின் முன்பக்கத்தில் ஊசி குத்துவதுபோல் வலிப்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது, பாரை நெஞ்சில் மோதவிட்டு அந்த உதைப்பிலேயே மேலே அனுப்புவது. மார்பு மிக நீண்டு கடினமாக உழைக்க வேண்டிய அடிப்பகுதியை அந்தத் துள்ளல் இலவசமாகக் கடத்திவிடுகிறது.

மாற்றுவது எப்படி? படுத்தவுடன் இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் சேர்த்துக் கீழ்நோக்கி இறக்கி, நெஞ்சுக்கூட்டை நிமிர்த்திக்கொள்ள வேண்டும். செட் முடியும்வரை அவை பெஞ்சிலேயே பதிந்திருக்கட்டும். பிடி தோளகலத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. முழங்கை உடலிலிருந்து 45 முதல் 70 பாகை வரை விலகியிருக்கலாம். முழுதாக 90 பாகைக்கு விரிப்பது பலருடைய தோளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. மூன்று விநாடி எடுத்துப் பாரை முலைக்காம்பு மட்டத்துக்கு இறக்கி, ஒரு விநாடி தொட்டபடி நிறுத்தி, அதன்பிறகு தள்ள வேண்டும். இப்படிச் செய்தால் 80 கிலோக்காரர் 65 கிலோவுக்கு வந்துவிடுவார். பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். பக்கத்து பெஞ்சில் இருப்பவர் பார்ப்பாரே என்ற கூச்சம் மார்பு வளர்ச்சிக்கு எவ்வளவு பெரிய தடை என்பதைப் பயிற்சியாளர்கள் அறிவார்கள்.

எடையைக் குறைப்பதால் இன்னொரு ஆதாயமும் உண்டு. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பழகிய வீரர்களைப் பெஞ்ச் பிரஸ் செய்யச் சொல்லி, மார்பின் மீது கவனம் வைக்கும்போது அதன் மின் அதிர்வு கூடுகிறதா என்று அளந்தார்கள். அதிகபட்ச எடையின் 60 சதவீதம் வரையான எடைகளில் அது கூடியது. 80 சதவீதத்தில் கவனம் எந்த வித்தியாசத்தையும் தரவில்லை. எடை மிகப் பெரிதாகும்போது உடல் இருக்கும் எல்லாத் தசையையும் திரட்டிவிடுகிறது, நாம் தேர்ந்தெடுக்க இடமில்லை. மின் அதிர்வு கூடினால் தசை வளர்ந்தே தீரும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனாலும் மார்பு வேலை செய்வதே தெரியாமல் செட் முடிக்கிறவருக்கு, அதை உணரப் பழகுவதற்கு நடுத்தர எடைதான் பொருத்தம்.

அடுத்தது, எந்தப் பயிற்சி என்பது. பெரும்பாலோருக்கு வெறுமையாகத் தெரிவது காறை எலும்புக்குக் கீழே உள்ள மேல்மார்பு. அந்த நார்கள் கையை மேல்நோக்கி உயர்த்தும் திசையில் ஓடுவதால் சாய்வு பெஞ்ச் அவற்றுக்கு உகந்தது. 2020-இல் பிரேசில் ஆய்வாளர்கள் புதியவர்களை எட்டு வாரம் பயிற்றுவித்து, அல்ட்ராசவுண்டில் தசைத் தடிப்பை அளந்தபோது, இன்க்ளைன் மட்டும் செய்தவர்களுக்கு மேல்மார்பு கூடுதலாக வளர்ந்திருந்தது. சாய்வு எவ்வளவு வேண்டும் என்பதில் மின் அதிர்வு ஆய்வுகள் 30 பாகையைச் சுட்டுகின்றன. 45-ஐத் தாண்டும்போது முன்தோள் முந்திக்கொள்கிறது. நம் ஜிம்கள் பலவற்றில் இன்க்ளைன் பெஞ்ச் நிலையாக 45 பாகையிலோ அதற்கு மேலோ பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே மாற்றக்கூடிய பெஞ்சைத் தேடி, தட்டையிலிருந்து இரண்டாவது நிலையில் வைத்து டம்பெல் எடுப்பது நல்லது. டம்பெல்லில் கைகள் பாரில் பூட்டப்படாததால் மேற்கை இன்னும் கீழே இறங்கும், மேலே உள்நோக்கியும் வரும்.

பிரஸ் வகை எதுவாக இருந்தாலும் ட்ரைசெப்ஸ் கூடவே வரும். அதை வெளியே நிறுத்துவதற்குத்தான் ஃபிளை, பெக் டெக், கேபிள் எல்லாம். இவற்றில் முழங்கை ஒரே வளைவில் நிற்பதால் ட்ரைசெப்ஸ் தளர்ந்து செட் முடிவதற்கு வாய்ப்பில்லை. பெக் டெக்கை முதலில் செய்து மார்பைச் சோர்வாக்கிவிட்டுப் பெஞ்ச் பிரஸ்ஸுக்குப் போனால் மார்பு கூடுதலாக உழைக்கும் என்றொரு நம்பிக்கை ஜிம்களில் உண்டு. அளந்து பார்த்தவர்கள் கண்டது வேறு: சோர்ந்த மார்புக்குப் பதிலாக ட்ரைசெப்ஸின் உழைப்புதான் கூடியது. ஆகவே பிரஸ் முதலில், ஃபிளை பின்னால்.

செட் எண்ணிக்கைக்கு இப்போது வரலாம். 2017-இல் பிராட் ஷோன்ஃபெல்டும் சக ஆய்வாளர்களும் 15 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, ஒரு தசைக்கு வாரம் ஐந்து செட்டுக்கும் குறைவாகச் செய்தவர்களின் தசை சராசரியாக 5.4 சதவீதமும், பத்தோ அதற்கு மேலோ செய்தவர்களின் தசை 9.8 சதவீதமும் வளர்ந்திருந்தது. ஆக, செட் கூட்டுவது பயனளிக்கிறது. ஆனால் அத்தனையையும் ஒரே நாளில் கொட்டினால் பின்வரும் செட்டுகள் பெயருக்குத்தான் நடக்கும்.

மூன்று வருடமாகப் பயிற்சி செய்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். திங்கள்கிழமை பெஞ்ச் பிரஸ் 5, இன்க்ளைன் பார் 4, டிக்ளைன் 4, ஃபிளை 3 என்று 16 செட். புதன்கிழமை தலைக்கு மேல் தள்ளும் ஷோல்டர் பிரஸ்ஸும் ஃபிரண்ட் ரெய்ஸும் சேர்த்து 8 செட். வெள்ளிக்கிழமை ட்ரைசெப்ஸ் 9 செட். தாளில் பார்த்தால் மார்புக்குக் குறையில்லை. டிக்ளைனுக்கு வரும்போது ட்ரைசெப்ஸ் ஏற்கனவே ஓய்ந்திருக்கிறது என்பதும், முன்தோளுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைப்பதும் தாளில் தெரிவதில்லை.

அவருக்கான எட்டு வாரத் திட்டம் முதலில் செட்டைக் குறைக்கிறது. திங்களன்று 30 பாகை இன்க்ளைன் டம்பெல் பிரஸ் 4 செட், ஒவ்வொன்றிலும் 8 முதல் 10 ரெப். பிறகு பெக் டெக் 2 செட், 12 முதல் 15 ரெப். வியாழனன்று நிறுத்தித் தள்ளும் பெஞ்ச் பிரஸ் 3 செட், கேபிள் ஃபிளை 3 செட். மொத்தம் 12. பிரஸ் செட்டுகளுக்கு நடுவே மூன்று நிமிடம் ஓய்வு. ஒரு செட்டில் இன்னும் ஒன்றிரண்டு ரெப் முடியும் என்ற நிலையில் நிறுத்த வேண்டும். பின்னால் ஆள் நிற்காதபோது பார்பெல்லில் கடைசி மூச்சுவரை போகவே கூடாது. ஃபிரண்ட் ரெய்ஸ் முற்றிலும் நீங்கும், ஷோல்டர் பிரஸ் 3 செட்டாகும், ட்ரைசெப்ஸ் 4 செட்டாகும். இந்தக் குறைப்புக்குத்தான் எல்லோரும் முரண்டு பிடிப்பார்கள். ஆனால் உடல் ஒரு வாரத்தில் மீளக்கூடிய அளவுக்கு ஓர் எல்லை உண்டு. மார்புக்கு இடம் வேண்டுமென்றால் வேறெங்கோ அதை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

மூன்றாம் வாரம் 14 செட், ஐந்தாம் வாரம் 16, ஏழாம் வாரம் 18. கூட்டும் செட்டுகளை இரண்டு நாளுக்கும் பகிர்ந்துகொள்ளலாம். முந்தைய வாரத்தின் ரெப்கள் குறையாமல் இருந்து, தோளில் வலியும் இல்லாதபோதுதான் இந்த ஏற்றம். 22.5 கிலோ டம்பெல்லில் 10 வந்துகொண்டிருந்தவருக்கு 8 ஆகிவிட்டால் கூட்டக் கூடாது. அதே அளவில் இன்னொரு வாரம் நிற்க வேண்டும். எட்டாம் வாரம் பாதியாகக் குறைத்து ஓய்வு கொடுக்கலாம்.

பலன் தெரிகிறதா என்று இஞ்ச் டேப்பைக் கேட்டால் சரியான பதில் வராது, ஏனென்றால் முதுகுத் தசை வளர்ந்தாலும் மார்பளவு கூடும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்த படமும், அதே எடையில் அதே நிதானத்தோடு செய்யும் ஃபிளையில் ரெப் கூடுவதும் நம்பத்தக்கவை. மறுநாள் வலி வளர்ச்சிக்குச் சான்றல்ல. எந்த இடம் உழைத்தது என்பதற்கு மட்டும் அது ஒரு தோராயமான குறிப்பு. மார்பு நாளுக்கு மறுநாள் முன்தோள் மட்டுமே வலித்தால் திரும்பவும் படம்பிடித்துப் பார்க்க வேண்டியதுதான்.

பயிற்சியால் மாறாதவையும் உண்டு. இரண்டு மார்புக்கும் நடுவே உள்ள இடைவெளி, நார்கள் நெஞ்செலும்பில் பிடிக்கும் இடத்தால் அமைவது. உள்மார்பை மட்டும் தனியாக வளர்க்கும் பயிற்சி எதுவும் கிடையாது, ஏனெனில் ஒவ்வொரு நாரும் நெஞ்சிலிருந்து கைவரை ஓடுகிறது. காம்புக்கு அடியில் கட்டியாகத் தடிப்பது ஆண்களுக்கு வரும் மார்பகச் சுரப்பி வீக்கமாக இருக்கலாம். அதற்கு மருத்துவரிடம் போக வேண்டும், டிக்ளைன் பெஞ்சுக்கு அல்ல. பிறந்ததிலிருந்தே ஒரு பக்க மார்பு மட்டும் இல்லாததுபோல் இருந்தால் அது போலண்ட் குறைபாடாக இருக்கக்கூடும். 1841-இல் லண்டனில் ஆல்ஃபிரெட் போலண்ட் பதிவுசெய்த அந்தப் பிறவி நிலையில் தசையின் பெரும்பகுதியே உருவாகியிருக்காது.

எட்டு வாரம் முடிந்ததும் 18 செட்டிலேயே நிற்க வேண்டியதில்லை. இளம் வயதினரின் தொடைத் தசையில் நடந்த ஆய்வில், வளர்த்த அளவைக் காப்பாற்றப் பழைய பயிற்சியில் மூன்றில் ஒரு பங்கே போதுமானதாக இருந்தது. மார்புக்கு வாரம் ஆறேழு செட்டை வைத்துக்கொண்டு, ஷோல்டர் பிரஸ்ஸைப் பழைய எண்ணிக்கைக்குக் கொண்டுவரலாம். இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொரு எட்டு வாரம் தொடங்கும்போது, முதல் வாரம் மறுபடியும் 12 செட்.