முதல் சால்டரிங்: மேசையில் வேண்டியவையும் கையில் வேண்டிய பழக்கமும்

சால்டரிங்கில் உருகுவது ஈயக் கம்பி மட்டுமே. இணைக்கப்படும் செம்பு உருகுவதில்லை. 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த கம்பி ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸில் முழுதாக உருகிவிடும். அயர்னின் முனை அதைவிட வெகு சூடாக, 350 டிகிரி அளவில் இருக்கும்.

வீட்டில் தொடங்கும் மாணவருக்கு 25 வாட் அயர்ன் போதும். எளிதில் சாயாத ஸ்டாண்டை அதனுடனேயே வாங்கிவிட வேண்டும். ஃப்ளக்ஸ் உள்ளேயே அடைத்த 0.8 மி.மீ. ஈயக் கம்பி, முனையைத் துடைக்க ஈரப் பஞ்சு, சிறிய கட்டர், தவறாகப் பற்றியதை எடுக்க உறிஞ்சும் பம்ப், மல்டிமீட்டர், பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை மற்றவை. குழாய் வேலைக்கான அமில ஃப்ளக்ஸ் மின்னணு வேலைக்கு ஆகாது. அது செம்பை நாளடைவில் அரித்துவிடும்.

முதல் பயிற்சிக்கு டாட் போர்டில் ஓர் எல்.இ.டி.யையும் 330 ஓம் ரெசிஸ்டரையும் இணைத்துப் பார்க்கலாம். எல்.இ.டி.யின் நீளமான கால் நேர்முனை. அந்தக் காலையும் ரெசிஸ்டரின் ஒரு காலையும் பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் செருகி, போர்டின் அடியில் ஒன்றையொன்று தொடுமாறு வளைக்க வேண்டும். அயர்ன் முனை போர்டின் செம்பு வளையத்தையும் காலையும் சேர்த்துத் தொட வேண்டும். ஓரிரு நொடி கழித்து, கம்பியை முனையில் வைக்காமல் சூடேறிய காலில் வைத்தால் ஈயம் தானே பரவும். முதலில் கம்பியையும் பிறகு அயர்னையும் எடுத்துவிட்டு, ஈயம் இறுகும்வரை எதையும் அசைக்காமல் இருக்க வேண்டும்.

சரியான இணைப்பு சிறு குன்றுபோலச் சரிந்து பளபளக்கும். மணிபோல உருண்டோ, மங்கிச் சொரசொரப்பாகவோ இருந்தால் சூடு போதவில்லை, அல்லது இறுகுமுன் அசைந்துவிட்டது என்று பொருள். மறுபடி சூடாக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கடைசியில் மல்டிமீட்டரை பஸ்ஸர் நிலையில் வைத்து, இணைத்த இரு கால்களையும் தொட்டால் ஒலிக்க வேண்டும், எல்.இ.டி.யின் இரு கால்களுக்கிடையே ஒலித்தால் ஈயம் வழிந்து ஒட்டியிருக்கிறது.

எழும் புகையைப் பலரும் காரீயப் புகை என்று அஞ்சுவதுண்டு. உண்மையில் அது ஃப்ளக்ஸில் உள்ள பிசின் எரிவதால் வருவது. இந்தச் சூட்டில் காரீயம் ஆவியாவது மிகமிகக் குறைவு. ஆனாலும் பிசின் புகை மூச்சுக்குழாயை உறுத்தும், ஆஸ்துமாவையும் தூண்டக்கூடும். ஜன்னலைத் திறந்துவைத்து, புகை முகத்திலிருந்து விலகிப்போகும்படி சிறு விசிறியை வைப்பது நல்லது. காரீயம் உடலுக்குள் செல்லும் வழி விரல்கள்தாம். ஆகையால் வேலை செய்யும் மேசையில் தின்பண்டம் வைக்கக்கூடாது, கம்பியைப் பல்லில் கவ்வக்கூடாது.

கால்களை வெட்டும்போது துண்டுகள் தெறிக்கும். கண்ணாடி அணிவது அதற்காகவே. அயர்ன் நழுவினால் பிடிக்கப் பாயாமல் விழவிட வேண்டும். சுட்டுவிட்டால் உடனே 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். பற்பசையோ ஐஸோ கூடாது. வேலை முடிந்ததும் முனையில் சிறிது ஈயம் பூசி, பிளக்கைக் கழற்றி, அயர்ன் ஆறும்வரை ஸ்டாண்டிலேயே விட்டு, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.