அடைப்புக்குறி தேவைப்படாத கணக்கு

விண்டோஸ் கணிப்பொறியில் இருக்கும் கால்குலேட்டரைத் திறந்து, வழக்கமான ‘ஸ்டாண்டர்ட்’ முறையில் 2 + 3 × 4 = என்று வரிசையாகத் தட்டினால் 20 என்று விடை வரும். அதையே ‘சயின்டிஃபிக்’ முறைக்கு மாற்றிவிட்டு அதே பொத்தான்களை அதே வரிசையில் தட்டினால் 14 வரும். பள்ளியில் படித்த ‘போட்மாஸ்’ விதிப்படி 14தான் சரி; கூட்டலுக்கு முன்னால் பெருக்கலை முடிக்க வேண்டும்.

முதல் விடைக்குக் காரணம் பழுது அல்ல, அவசரம். ஸ்டாண்டர்ட் முறை காதில் விழுந்ததை விழுந்தவுடனே செய்துவிடுகிறது. இரண்டையும் மூன்றையும் கூட்டி ஐந்தாக்கிய பிறகுதான் பெருக்கல் குறி வருகிறது. அப்போது செய்த கூட்டலைப் பிரிக்க வழியில்லை. சயின்டிஃபிக் முறையோ கூட்டல் குறியைக் கண்டதும் பொறுத்திருக்கிறது. அடுத்து வருவது தன்னைவிட அவசரமான வேலையா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறது. அப்படியானால், நிறுத்திவைத்த கூட்டலை அது எங்கே வைத்திருக்கிறது? இரண்டு மூன்று வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிலுவையில் நின்றால் எதை முதலில் எடுக்கிறது?

இதற்கு விடை காண, கணக்கை எழுதும் முறையையே கொஞ்சம் மாற்றிப் பார்க்க வேண்டும். நாம் குறியை இரண்டு எண்களுக்கு நடுவில் எழுதுகிறோம். இது இன்ஃபிக்ஸ். போலந்து நாட்டுத் தர்க்கவியல் அறிஞர் யான் வுகாசியேவிச், குறியை முன்னால் எழுதிவிட்டால் அடைப்புக்குறியே தேவைப்படாது என்பதை 1924-இல் கண்டார். குறியைப் பின்னால் தள்ளினாலும் இதே பயன் உண்டு. அதுதான் போஸ்ட்ஃபிக்ஸ். 3 + 4 என்பது அதில் 3 4 + ஆகும். வினைச்சொல்லைக் கடைசியில் வைத்து ‘மூன்றையும் நான்கையும் கூட்டு’ என்று பேசும் நமக்கு இந்த வரிசை அத்தனை அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.

போஸ்ட்ஃபிக்ஸில் எழுதிய கணக்கைச் செய்து முடிக்க ஒரே ஒரு வசதி போதும். அதன் பெயர் ஸ்டாக், அதாவது அடுக்கு. கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்கலாம் என்பது மட்டுமே அதன் சட்டம். எண் வந்தால் அடுக்கின் மேல் வைக்க வேண்டும். குறி வந்தால் மேலிருந்து இரண்டு எண்களை எடுத்து, அந்த வேலையைச் செய்து, விடையைத் திரும்ப மேலே வைக்க வேண்டும். முன்னுரிமை, அடைப்புக்குறி என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கணிப்பொறி வழக்கப்படி பெருக்கலுக்கு *, வகுத்தலுக்கு /.

```
20 - (7 + 3) / 5 * 4 - 6
```

கையால் போட்டால் அடைப்புக்குள் 10; அதை 5-ஆல் வகுத்தால் 2; நான்கால் பெருக்கினால் 8; இருபதிலிருந்து எட்டும் ஆறும் போனால் மிச்சம் 6. இதன் போஸ்ட்ஃபிக்ஸ் வடிவம் இது:

```
20 7 3 + 5 / 4 * - 6 -
```

இடமிருந்து வலமாக ஒரே நடைதான். 20, 7, 3 மூன்றும் அடுக்கில் ஏறுகின்றன. கூட்டல் குறி வந்ததும் மேலிருக்கும் 3-உம் 7-உம் இறங்கி 10 ஏறுகிறது. அடியில் 20 அசையாமல் கிடக்கிறது. அதன் முறை இன்னும் வரவில்லை. அடுத்து 5 ஏறுகிறது. வகுத்தல் வந்ததும் பத்தும் ஐந்தும் போய் 2 நிற்கிறது. 4 ஏறி, பெருக்கல் வந்ததும் 8 ஆகிறது. இப்போது கழித்தல் குறி. இத்தனை நேரம் காத்திருந்த 20 வேலைக்கு வருகிறது. 20-இலிருந்து 8 போக 12. பிறகு 6 ஏறுகிறது, கடைசிக் கழித்தலில் 12 - 6 = 6. அடுக்கில் ஒரே எண் மிஞ்சியிருக்கிறது, அதுதான் விடை.

இதை முதல்முறை நிரலாக எழுதுகிறவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. அடுக்கிலிருந்து முதலில் வெளியே வரும் எண், கணக்கில் இரண்டாவதாக எழுதப்பட்ட எண். 10-ஐ 5-ஆல் வகுக்கும்போது முதலில் கைக்கு வருவது 5. வந்த வரிசையிலேயே வைத்து 5-ஐப் பத்தால் வகுத்துவிட்டால் 0.5 ஆகும். இந்தத் தலைகீழ் வரிசையிலேயே கடைசி வரை போனால் மேலே உள்ள கணக்குக்கு 24 என்று விடை வரும். நிரல் நிற்காது, பிழைச் செய்தி வராது. கூட்டலிலும் பெருக்கலிலும் வரிசை மாறினாலும் விடை மாறாது என்பதால், அவற்றை மட்டும் வைத்துச் சோதித்தவருக்குத் தவறு கண்ணிலேயே படாது.

1972-இல் ஹியூலெட்-பேக்கர்டு நிறுவனம் வெளியிட்ட எச்பி-35 என்ற கையடக்கக் கால்குலேட்டர் இந்த முறையில்தான் இயங்கியது. விலை 395 டாலர். அதில் சமக்குறிப் பொத்தானே கிடையாது. அதற்குப் பதிலாக ‘என்டர்’ இருந்தது. உள்ளே நான்கு எண்கள் மட்டும் கொள்ளும் அடுக்கு. இன்ஃபிக்ஸைப் போஸ்ட்ஃபிக்ஸாக மாற்றும் வேலையைப் பயன்படுத்துகிறவரின் மூளைக்கே விட்டுவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும்.

அந்த மாற்றத்தை இயந்திரமே செய்ய வேண்டும் என்றால்? அல்கால் 60 என்ற நிரல்மொழிக்குக் கம்பைலர் எழுதியபோது நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவுக்கு இந்தக் கேள்வி வந்தது. அவர் 1961-இல் விவரித்த வழிக்கு ‘ஷண்டிங் யார்டு’ என்று பெயர். ரயில் நிலையத்தில் சில பெட்டிகளைப் பக்கத் தண்டவாளத்தில் ஒதுக்கி நிறுத்தி, வேறு வரிசையில் கோப்பார்களே, அந்த இடம்தான் ஷண்டிங் யார்டு. எண்கள் நிற்காமல் நேர்த் தடத்தில் போய்விடும். குறிகள் மட்டும் பக்கத் தடத்தில் ஒதுங்கிக் காத்திருக்கும். அந்தப் பக்கத் தடமும் ஓர் அடுக்குதான். ஆனால் இதில் ஏறுபவை எண்கள் அல்ல, குறிகள்.

புதுக்குறி வந்ததும் அடுக்கின் உச்சியில் இருக்கும் குறியைப் பார்க்க வேண்டும். உச்சியில் இருப்பதற்கு முன்னுரிமை அதிகம் என்றாலோ, இரண்டும் சமம் என்றாலோ, அதை வெளியே அனுப்ப வேண்டும். இப்படி அனுப்ப முடிந்தவரை அனுப்பிவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். திறக்கும் அடைப்புக்குறி வந்தால் அப்படியே ஏற்றலாம். அது ஒரு தடுப்புச் சுவர், அதைத் தாண்டி எதுவும் இறங்காது. மூடும் அடைப்புக்குறி வந்தால் சுவர்வரை உள்ள குறிகளை எல்லாம் வெளியே அனுப்பி, சுவரையும் தூக்கி எறிய வேண்டும். கணக்கு முடிந்ததும் மிச்சமிருப்பவை உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கும்.

நம் கணக்கில் 20 நேராக வெளியே போகிறது. முதல் கழித்தல் அடுக்கில் ஏறுகிறது. அதன்மேல் திறக்கும் அடைப்பு. 7 வெளியே, கூட்டல் மேலே, 3 வெளியே. மூடும் அடைப்பு வந்ததும் கூட்டல் வெளியே வருகிறது, அடைப்பு மறைகிறது. இதுவரை வெளியே வந்தது 20 7 3 +. அடுக்கில் கழித்தல் மட்டும். அடுத்து வகுத்தல். அது கழித்தலைவிட உயர்ந்தது என்பதால் கழித்தல் இறங்காமல் கீழேயே கிடக்க, வகுத்தல் மேலே ஏறுகிறது. 5 வெளியே. பிறகு பெருக்கல் வருகிறது. உச்சியில் இருக்கும் வகுத்தலும் அதுவும் சமம்; ஆகவே வகுத்தல் இறங்கிவிட, பெருக்கல் அந்த இடத்தைப் பிடிக்கிறது. 4 வெளியே. இரண்டாவது கழித்தல் வரும்போது பெருக்கல் உயர்ந்தது, இறங்குகிறது; அதன் கீழிருந்த முதல் கழித்தலும் சமம், அதுவும் இறங்குகிறது. புதுக் கழித்தல் ஏறுகிறது, 6 வெளியே போகிறது, கடைசியில் அதுவும் இறங்குகிறது. மேலே கொடுத்த போஸ்ட்ஃபிக்ஸ் வரிசை இப்படித்தான் வந்தது.

‘சமம் என்றாலும் அனுப்பு’ என்ற அந்தச் சின்ன விதியில்தான் முழு நுட்பமும் இருக்கிறது. உயர்ந்ததை மட்டும் அனுப்பி, சமமானதை விட்டுவைத்தால் என்ன ஆகும்? கணக்கு 20 7 3 + 5 4 * / 6 - - என்று மாறிவிடும். பத்தை ஐந்தால் வகுக்காமல், ஐந்தும் நான்கும் பெருகிய இருபதால் வகுத்துவிடும்; பின்னால் உள்ள கழித்தலும் முதலில் நடந்துவிடும். விடை 6 அல்ல, 25.5. தன் நிரல் இந்தப் பிழையில் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க விரும்புகிறவர் 20 - 8 - 6 என்று கொடுத்துப் பார்க்கலாம். 6 வந்தால் சரி. 18 வந்தால் சமத்தை விட்டுவைத்திருக்கிறார்.

அடுக்குக்கு வேறொரு பயனும் உண்டு. அடைப்புகள் சரியாகப் பொருந்தாவிட்டால் அது தானாகவே காட்டிக்கொடுக்கும். மூடும் அடைப்பு வந்து தேடும்போது திறந்தது இல்லை என்றால் ஒருவகைப் பிழை. எல்லாம் முடிந்த பிறகும் திறந்த அடைப்பு அடுக்கில் கிடந்தால் மற்றொருவகை. கணக்குப் போடும்போதும் அப்படியே: குறி வந்தபோது இரண்டு எண்கள் இல்லாவிட்டாலோ, முடிவில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் மிஞ்சினாலோ, எழுதியதே தவறு.

எல்லாக் குறிகளுக்கும் ‘சமம் என்றாலும் அனுப்பு’ பொருந்துமா என்றால், அடுக்கு எண்ணில் பொருந்தாது. இரண்டின் அடுக்கு மூன்று, அதன் அடுக்கு இரண்டு என்பதைக் கணிதத்தில் வலமிருந்து படிப்பார்கள். முதலில் மூன்றின் வர்க்கம் 9, பிறகு இரண்டின் ஒன்பதாம் அடுக்கு 512. ஆகவே அந்தக் குறிக்கு மட்டும் சமமானதை இறக்காமல் விட வேண்டும். பைத்தான் மொழி அப்படியே செய்கிறது. எக்செல் செய்வதில்லை, இடமிருந்தே போய் எட்டின் வர்க்கமான 64-ஐத் தருகிறது.

```
பைத்தான்:  2**3**2  →  512      -3**2  →  -9
எக்செல்:   =2^3^2   →  64       =-3^2  →  9
```

வலப்பக்கத்து இரண்டாவது கணக்கு இன்னும் வம்பு. எண்ணுக்கு முன்னால் ஒட்டி நிற்கும் கழித்தல், இரண்டு எண்களுக்கு நடுவே நிற்கும் கழித்தல் அல்ல. அதற்கு ஒரே ஓர் எண் போதும். கணக்கின் தொடக்கத்திலோ, வேறு குறிக்கு அடுத்தோ, திறக்கும் அடைப்புக்கு அடுத்தோ வருகிற கழித்தலை நிரல் தனிக்குறியாகவே நடத்த வேண்டும். அதற்கு என்ன முன்னுரிமை தருவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. பைத்தான் அதை அடுக்கெண்ணுக்குக் கீழே வைக்கிறது, முதலில் 9, பிறகு எதிர்மம். எக்செல் அதை மேலே வைக்கிறது, எதிர்ம மூன்றின் வர்க்கம், ஆகவே 9. இரண்டுமே தத்தம் விதிப்படி சரியாகத்தான் கணக்கிடுகின்றன. முன்னுரிமை அட்டவணை அதை எழுதியவர்கள் எடுத்த முடிவு. அடுக்குக்கு அதில் பங்கில்லை.

எக்செல்லில் போட்ட சூத்திரத்தை வேறு மொழிக்கு மாற்றுகிறவர்கள், அடுக்கெண்ணோ முன்னால் ஒட்டிய கழித்தலோ வரும் இடங்களில் =-(3^2) என்றோ =(-3)^2 என்றோ அடைப்புக்குறி போட்டே எழுதுங்கள்.