பட்டுச்சேலை டிரெண்டும் பாட்டியின் முகமும்: குடும்பப் படத்தை ஏஐ-யிடம் கொடுக்கும் முன்…

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் முகூர்த்தச் சேலை வாங்க வரும் குடும்பங்களை ஒரு நிமிடம் நின்று பார்த்தால் போதும். பாயில் விரித்த சேலைகளைச் சுற்றி அம்மா, அத்தை, சித்தி எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். காலேஜ் படிக்கும் பேத்தி மட்டும் போனைத் தூக்கிப் பிடிப்பார். “ஆயா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க. மாம்பழக் கலர் உங்களுக்கு எப்படி இருக்கும்னு ஏஐ-ல போட்டுப் பாக்கலாம்.” பாட்டி சிரிப்பார். அரை நிமிடத்தில் அவர் சேலை கட்டி நிற்கும் படம் வந்துவிடும், வயதில் பத்து குறைந்து.

பாட்டி எதற்குச் சம்மதித்தார்? பேத்தியின் போனில் ஒரு படம் இருக்கட்டும் என்பதற்கு. அந்தப் படம் போனை விட்டு எங்கேயோ போகிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. பேத்திக்கே அது தோன்றியிருக்காது.

2025 மார்ச்சில் சாட்ஜிபிடி மூலம் ஜிப்லி பாணிப் படங்கள் பரவின. அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் கூகுள் தன் புதிய படக் கருவியை ஜெமினியில் கொண்டுவந்தது. ‘நானோ பனானா’ என்பது அதன் செல்லப் பெயர். செப்டம்பரில் இந்தியா முழுக்கப் பெண்கள் தங்கள் படத்தைக் கொடுத்து, பழைய சினிமா ஸ்டைலில் சேலை கட்டிய படமாக மாற்றி இன்ஸ்டாகிராமில் போட்டார்கள். அப்போதுதான் ஒரு பெண்ணின் வீடியோ வைரலானது. முழுக்கை சுடிதார் போட்ட படத்தைத்தான் அவர் கொடுத்திருந்தார். வந்த சேலைப் படத்தில் அவர் கையில் மச்சம் இருந்தது. நிஜத்திலும் அவருக்கு அங்கே மச்சம் உண்டு.

பலருக்குத் தூக்கம் போனது. ஆனால், இந்தக் கருவிகள் துணிக்கு அடியில் பார்ப்பதில்லை. மறைந்திருக்கும் கையை, தாம் பார்த்துப் பழகிய லட்சக்கணக்கான கைகளை வைத்து ஊகித்து வரைகின்றன. லட்சக்கணக்கானோர் ஒரே வாரத்தில் படம் செய்தால், சிலருக்கு மச்சம் பொருந்திப் போவதில் அதிசயமில்லை. (அதே கருவி வரையும் காஞ்சிப் பட்டில் கோர்வை பல இடங்களில் அந்தரத்தில் நிற்கும், உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து கோக்கும் வேலை அதற்குத் தெரியாது.) கவலைப்பட வேண்டியது வந்த படத்தைவிடப் போன படத்தைப் பற்றித்தான்.

அதே நாட்களில் தெலங்கானா ஐபிஎஸ் அதிகாரி வி.சி.சஜ்ஜனார் வேறொரு எச்சரிக்கை விடுத்தார். டிரெண்டைப் பயன்படுத்திப் போலி இணையதளங்களும் போலி செயலிகளும் முளைக்கின்றன, அங்கே படத்தையும் விவரங்களையும் கொடுத்தால் பணம் வரை பறிபோகலாம் என்பது அதன் சாரம். மச்சம் பற்றிப் பேசிய அளவுக்கு இதை யாரும் பேசவில்லை.

ஒரே ஒரு படத்தில் என்னவெல்லாம் இருக்கிறது?

பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டு வளைகாப்புப் படத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நடுவில் கர்ப்பிணி, இரு பக்கமும் பாட்டியும் நாத்தனாரும், முன்னால் ஆறு வயதுப் பையன். நேராக ஸ்கூலில் இருந்து வந்ததால் யூனிஃபார்ம், கழுத்தில் ஐடி கார்டு. பின்சுவரில் காலண்டர். கதவோரம் வீட்டு எண்.

படம் எடுத்தவருக்கு அது சந்தோஷமான ஒரு மாலை. தெரியாத ஒருவர் பார்த்தால் ஒரு பையனின் பெயர், அவன் படிக்கும் பள்ளி, வகுப்பு, வீட்டு எண், அந்த வீட்டில் ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறார் என்ற மருத்துவத் தகவல். கண்ணுக்குத் தெரியாததும் உண்டு. கேமராவில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, நாள், நேரம், போன் மாடல் எல்லாம் அந்த ஃபைலுக்குள்ளேயே பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இடத் தகவல் நீங்கிவிடும். ‘டாக்குமென்ட்’டாக அனுப்பினாலோ, கேலரியிலிருந்து நேராக ஒரு இணையதளத்தில் ஏற்றினாலோ அது கூடவே போக வாய்ப்புண்டு.

இந்தப் படத்தை ஏற்றியே ஆக வேண்டும் என்றால், வேலை இரண்டே நிமிடம். படத்தைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வது முதல் படி. அது புதுப் படம். பழையதில் இருந்த இடத் தகவல் அதில் வராது. அந்த நகலில் பையனையும் கதவையும் வெட்டிவிட வேண்டும். ஐடி கார்டை போனில் உள்ள மார்க்கர் பேனாவால் தேய்த்து மறைக்கிறேன் என்று கிளம்பக் கூடாது. பாதி ஒளி ஊடுருவும் மையால் தேய்த்த எழுத்தை, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டியே படித்துவிடலாம். வெட்டுவதுதான் நிச்சயம்.

பெரும்பாலும் முகமே தேவைப்படாது என்பதையும் பலர் யோசிப்பதில்லை. சேலைக் கலர் பாட்டியின் நிறத்துக்கு எடுக்குமா என்று பார்ப்பதற்குக் கழுத்துக்குக் கீழே தோளும் கையும் தெரியும் படம் போதும். கல்யாண அழைப்பிதழுக்கு ஒரு ஓவியம் வேண்டுமென்றால் மாப்பிள்ளை, பெண் இருவரின் படமே போதும். நாற்பது பேர் நிற்கும் குரூப் போட்டோவைக் கொடுக்கத் தேவையில்லை.

போன படம் எங்கே தங்குகிறது?

பெரிய நிறுவனங்களின் விதிமுறைகள் பொதுவெளியில் உள்ளன. ஜெமினியில் Keep activity என்ற அமைப்பு ஆன் ஆக இருந்தால், நீங்கள் கொடுப்பவற்றின் ஒரு பகுதி கருவியை மேம்படுத்தப் பயன்படலாம். மனிதர்களே எடுத்துப் பார்க்கவும் செய்யலாம். அப்படி ஒருமுறை பார்வைக்குப் போன உரையாடல், நீங்கள் உங்கள் பக்கம் அழித்த பிறகும் 3 ஆண்டுகள் வரை அவர்களிடம் இருக்கலாம். அமைப்பை ஆஃப் செய்தால் 72 மணி நேரம் வரை வைத்திருப்பார்கள். சாட்ஜிபிடியில் Data controls பகுதிக்குள் Improve the model for everyone என்று ஒரு பட்டன் இருக்கிறது. தனிநபர் கணக்குகளில் அது ஆன் ஆகவே வரும். அங்கே அழித்த உரையாடல் பொதுவாக 30 நாட்களுக்குள் நீக்கப்படும் என்கிறது நிறுவனம். படத்தைப் போட்ட பிறகு இந்தப் பட்டன்களைத் தேடுவதில் அதிகப் பலன் இல்லை. முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் படம்.

பெயர் தெரியாத ‘ஃப்ரீ’ செயலிகள் கதையே வேறு. 2025 மார்ச்சில் பாதுகாப்பு ஆய்வாளர் ஜெரமையா ஃபவுலர் தென்கொரியாவின் ‘ஜென்நாமிஸ்’ என்ற ஏஐ படத் தளத்தின் சேமிப்பகத்தைக் கண்டுபிடித்தார். கடவுச்சொல் இல்லை, பூட்டு இல்லை. உள்ளே சுமார் 95,000 பதிவுகள். ஆபாசமாக மாற்றப்பட்ட படங்களும் அதில் இருந்தன. யாரும் ஹேக் செய்யவில்லை, கதவு திறந்தே கிடந்தது. ஒரு செயலியை நடத்துபவர் யார், அழிக்கச் சொன்னால் யாரிடம் சொல்வது என்ற இரண்டு கேள்விக்கு அதன் பக்கத்திலேயே பதில் இல்லாவிட்டால், குடும்பப் படத்துக்கு அது இடமில்லை. பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை?

ஏற்றுவதைவிடப் பெரிய முடிவு, போஸ்ட் செய்வது

படத்தைக் கருவியிடம் கொடுப்பது ஒன்று. வந்ததை எல்லாரும் பார்க்கும்படி போடுவது இன்னொன்று. 2025 டிசம்பர் இறுதியில் எக்ஸ் தளத்தில் நடந்தது இதைத் தெளிவாகக் காட்டியது. பெண்கள் தாங்களே பொதுவில் போட்டிருந்த சாதாரணப் படங்களின் கீழே யாரோ ‘உடையை மாற்று’ என்று எழுத, அத்தளத்தின் க்ரோக் கருவி அப்படியே மாற்றிக் கொடுத்தது. 2026 ஜனவரி 2-ம் தேதி மத்திய அரசு எக்ஸ் நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. அந்தப் பெண்கள் எந்த ஏஐ-யிலும் படம் ஏற்றவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஜெமினி படங்களில் சின்ன நட்சத்திரக் குறியும், கண்ணுக்குத் தெரியாத ‘சிந்த்ஐடி’ குறியீடும் இருக்கின்றனவே என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அவை, படம் ஏஐ செய்தது என்று சொல்லும். அதில் உள்ள முகத்தை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்துவதைத் தடுக்காது.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்? 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாளும் நிறுவனம் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைப் பெற வேண்டும். அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. இரண்டு ஓட்டைகளும் உண்டு. ஒருவர் தன் வீட்டுத் தேவைக்காக அடுத்தவர் தரவைக் கையாண்டால் இந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது, பேத்தி மீது பாட்டி இந்தச் சட்டத்தில் புகார் கொடுக்க முடியாது. ஒருவர் தானே பொதுவில் போட்ட தன் தரவுக்கும் இது பொருந்தாது.

ஆகவே, வீட்டுக்குள் கேட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. “ஆயா, போடவா?” என்று கேட்டால் அவர் “உன் இஷ்டம் கண்ணு” என்றுதான் சொல்வார். “ஆயா, இந்தப் படம் ஏதோ ஒரு கம்பெனி கம்ப்யூட்டருக்குப் போவும். அங்க கொஞ்ச நாள் இருக்கும், அவங்க ஆளுங்க பாத்தாலும் பாப்பாங்க. பரவால்லியா? ஸ்டேட்டஸ்ல வைக்கவா, நம்ம வீட்டு குரூப்ல மட்டும் போடவா?” என்று கேட்டால் பதில் மாறலாம். ‘வேணாம்’ என்று சொல்ல அவருக்கு இடம் இருந்தால்தான் அது சம்மதம். ஆறு வயதுப் பையனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அவன் படத்தை விட்டுவிடுவதே நல்லது. இறந்துபோன தாத்தாவின் பழைய கறுப்பு-வெள்ளைப் படத்துக்குக் கலர் கொடுப்பதில் இவ்வளவு யோசனை தேவைப்படாது, பக்கத்தில் நிற்பவர்கள் உயிரோடு இல்லாத வரை.

ஏற்கெனவே போன படம் தவறாகப் பயன்பட்டால் cybercrime.gov.in தளத்தில் புகார் பதியலாம். பணமும் போயிருந்தால் உடனே 1930. அந்தரங்கப் படமாக மாற்றி மிரட்டினால், 18 வயதைத் தாண்டியவர்கள் StopNCII.org தளத்தை அணுகலாம். அங்கே படத்தை ஏற்ற வேண்டியதில்லை. அதன் எண் வடிவ அடையாளம் மட்டும் உங்கள் போனிலேயே உருவாகி, பங்கேற்கும் தளங்களுக்குப் போகும். மிரட்டல் மெசேஜையும் படம் வந்த லிங்க்கையும் அழிப்பதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். பயத்தில் பலரும் முதலில் செய்வது அதை அழிப்பதுதான்.

காந்தி ரோட்டுக் கடைகளில் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் கலர் சரியாகத் தெரியாது என்று, சேலையைத் தோளில் போட்டபடியே பாட்டியை வாசல் வரை கூட்டிவந்து வெயிலில் பார்ப்பார்கள். மாம்பழக் கலர் எடுக்குமா, எடுக்காதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.