முதல் சந்திப்பிலேயே பிரிவை விதையுங்கள்

காதல் நாவலின் முடிவு வாசகருக்கு முன்பே தெரியும். அட்டையைப் பார்த்தவுடனேயே, இந்த இருவரும் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று நம்பித்தான் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார். அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கினால் திட்டுவார். அப்படியானால் எழுதுகிறவருக்கு என்ன வேலை மிச்சம்? முடிவு தெரிந்த வாசகரையே, முக்கால்வாசிக் கதை ஓடிய பிறகு, “இனி இவர்கள் சேர வழியே இல்லையே” என்று ஒரு கணம் தவிக்கவைக்க வேண்டும். அந்தத் தவிப்பு கதைக்குள்ளிருந்தே வந்தால் நாவல் நிற்கும். வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டினால் விழுந்துவிடும்.

இதற்கான சட்டகம் மூன்று அங்கம். அறுபதாயிரம் சொற்களில், முப்பது அத்தியாயங்களில் ஒரு நாவல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் ஏழெட்டு அத்தியாயங்கள் முதல் அங்கம். அடுத்த பதினைந்து அத்தியாயங்கள் நடு அங்கம். மீதி மூன்றாம் அங்கம். முதல் அங்கத்தின் முடிவு, கதையின் மையம், நடு அங்கத்தின் முடிவு என்ற மூன்று இடங்களிலும் கதை திரும்ப வேண்டும்.

1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலைப் பிரித்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். மொத்தம் 61 அத்தியாயங்கள். நாயகியின் மனத்தில் வெறுப்பை இறுக்கும் பொய், 16ஆம் அத்தியாயத்தில் வருகிறது. நாயகன் தன் காதலைச் சொல்லி அவள் மறுப்பது 34இல். எல்லாம் முடிந்தது என்று தோன்றும் இடம் 46இல். கால், பாதி, முக்கால் என்ற கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஆஸ்டின் எந்தச் சூத்திரத்தையும் வைத்துக்கொண்டு எழுதியிருக்க மாட்டார். கதைக்குத் தேவையான இடங்களில் திருப்பங்கள் தாமாக அமைந்திருக்கின்றன.

முதல் அங்கத்தில் இருவரும் சந்தித்தால் மட்டும் போதாது. ஒவ்வொருவரிடமும் உள்ள கோணல் என்ன என்பது அந்தச் சந்திப்பிலேயே தெரிய வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு நடன விருந்து. எலிசபெத்தோடு ஆடச் சொல்லி நண்பன் தூண்டுகிறான். தன்னைக் கவரும் அளவுக்கு அவள் அழகில்லை என்று டார்சி தட்டிக்கழிக்கிறான். அது அவள் காதில் விழுகிறது. அவள் அழவில்லை, அதையே தோழிகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள். இந்தச் சின்னக் காட்சியில் இரண்டு விஷயங்கள் விதைக்கப்படுகின்றன. தனக்குக் கீழே உள்ளவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்பது அவன் எண்ணம். ஒருவரைப் பார்த்தவுடன் எடைபோட்டுவிட முடியும் என்பது அவள் எண்ணம். பிறகு விக்கம் என்ற இளைஞன் வந்து, டார்சி தனக்குத் துரோகம் செய்ததாகக் கதை கட்டுகிறான். அவள் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டதால் விசாரிக்காமலே நம்புகிறாள். முதல் அங்கம் முடிகிறது.

புதிதாக எழுதுகிறவர்கள் தடுமாறுவது நடு அங்கத்தில்தான். சண்டை, சமாதானம், மறுபடி சண்டை என்று ஒரே தளத்தில் சுற்றுவார்கள். கதை நகர்கிறதா என்று அறிய ஒரே கேள்வி போதும்: இந்த அத்தியாயத்தின் முடிவில், ஒருவரைப் பற்றி மற்றவர் நினைப்பதில் ஏதாவது மாறியிருக்கிறதா? மாறாத அத்தியாயத்தை எடுத்துவிடலாம். ஆஸ்டின் கதையின் மையத்தில் டார்சி காதலைச் சொல்கிறான், அதுவும் அவள் குடும்பத்தின் தாழ்ந்த நிலையைச் சுட்டிக்காட்டியபடியே. அவள் சுடச்சுட மறுக்கிறாள். மறுநாள் அவன் ஒரு கடிதம் தருகிறான். விக்கம்மின் உண்மை முகம் அதில் இருக்கிறது. அதுவரை அவனை எடைபோட்டுக்கொண்டிருந்தவள், அதன்பின் தன்னையே எடைபோடத் தொடங்குகிறாள். அதனால்தான் பிறகு அவனுடைய மாளிகையில் எதிர்பாராமல் சந்திக்கும்போது இருவருமே வேறு ஆட்களாக இருக்கிறார்கள். வாசகருக்கு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதி இல்லாமல் அடுத்த அடி வலிக்காது.

அடி விழுகிறது. எலிசபெத்தின் தங்கை லிடியா விக்கம்மோடு ஓடிப்போகிறாள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது குடும்பத்தின் எல்லாப் பெண்களுக்கும் களங்கம். இனி டார்சி இந்த வீட்டுப்பக்கம் திரும்புவானா? மேலோட்டமாகப் பார்த்தால் இது வெளியிலிருந்து வந்த விபத்து. கவனித்துப் பார்த்தால் இல்லை. விக்கம் எப்படிப்பட்டவன் என்று டார்சிக்கு ஆரம்பத்திலேயே தெரியும். குடும்ப கௌரவத்தை நினைத்து ஊருக்குச் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்த எலிசபெத்துக்கும் தெரியும். அவளும் அக்காவோடு பேசி, வெளியே சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தாள். இருவரின் மௌனமும் சேர்ந்துதான் லிடியாவைக் குழியில் தள்ளியது.

நம் கதைகளில் இந்த இடத்துக்கு ஒரு தயார்ச் சரக்கு உண்டு. நாயகனை வேறொரு பெண்ணோடு காபி கடையில் பார்ப்பாள், பிரிந்துவிடுவாள், கடைசியில் அது அவனுடைய அத்தை மகள் என்று தெரியும். ஒரு போன் செய்து கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் பிரச்சினைக்கு ஐந்து அத்தியாயம் அழுதால் வாசகருக்கு எரிச்சல்தான் வரும்.

அதே கதையைச் சரிசெய்து பார்ப்போம். திருப்பூரில் சின்னதாகத் தையல் யூனிட் நடத்துகிறாள் கனிமொழி. அப்பா கூட்டாளியை நம்பி மோசம்போனவர், அதனால் அவள் யாரையும் நம்பமாட்டாள். அவளுக்கு வேலை தரும் ஏற்றுமதி நிறுவனத்தில் இருக்கிறான் சரவணன். கெட்ட செய்தியைச் சொல்லத் துணிவில்லாதவன், எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று தள்ளிப்போடுகிறவன். முதல் சந்திப்பிலேயே ஒரு பில் தாமதத்தை அவன் மழுப்ப, அவள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். முக்கால்வாசியில் பெரிய ஆர்டர் ரத்தாகிறது. அவனுக்குத் தெரியும், பேசிச் சரிசெய்யலாம் என்று மறைக்கிறான். அதற்குள் அந்த ஆர்டரை நம்பி அவள் வட்டிக்கு வாங்கி நான்கு ஓவர்லாக் மெஷின் போட்டுவிடுகிறாள். இப்போது போன் போட்டுப் பேசினால் புண் இன்னும் ஆழமாகும், ஏனென்றால் அவள் நினைப்பது தவறில்லை, அவன் மறைத்தது உண்மை.

மூன்றாம் அங்கத்தில் மன்னிப்புக் கேட்டு மாலை மாற்றினால் போதாது. எந்தக் கோணல் பிரித்ததோ, அதை விட்டதற்கு அடையாளமாக ஒரு செயல் வேண்டும், அதற்கு விலையும் இருக்க வேண்டும். டார்சி லண்டனில் தேடி அலைந்து, தான் வெறுக்கும் விக்கம்மின் கடனைத் தானே அடைத்து லிடியாவுக்குத் திருமணம் முடித்துவைக்கிறான், எலிசபெத்துக்குத் தெரியாமல். அவளோ, டார்சியை மணக்க மாட்டேன் என்று வாக்குத் தரும்படி அவனுடைய சித்தி மிரட்டும்போது மறுத்து நிற்கிறாள். அந்த மறுப்புதான் அவனுக்கு நம்பிக்கை தருகிறது. நம் கதையில் சரவணன் வேலை போனாலும் பரவாயில்லை என்று முதலாளி முன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும். கனிமொழி தன் கணக்கு நோட்டை முதன்முறையாக இன்னொருவரிடம் நீட்ட வேண்டும். ஒருவர் மட்டும் மாறினால் அது சேர்க்கை ஆகாது, சரணாகதி ஆகிவிடும்.

ஆகவே முதல் அத்தியாயத்தைத் தொடங்குமுன் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். அவளுடைய கோணல் என்ன, அவனுடைய கோணல் என்ன, இரண்டும் மோதினால் எது உடையும், அதை ஒட்டவைக்க யார் எதை இழக்க வேண்டும். மூன்றாவது வரிக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் இன்னும் நாவல் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அதுவரை எழுத உட்காராதீர்கள்.