அளந்து வெட்டினால் எரியாது

மலக்குடலில் வந்த புற்றுநோயை வெட்டி எடுத்தபின் குடலைத் திரும்பச் சேர்த்துத் தைப்பார்கள். தைத்த இடம் ஆறும்வரை அந்தப் பக்கம் மலம் போகக் கூடாது. அதற்காகச் சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றுக்கு வெளியே, பெரும்பாலும் தொப்புளுக்கு வலப்புறம், எடுத்துத் தைத்துவிடுவது வழக்கம். மருத்துவமனையில் இதை லூப் இலியாஸ்டமி என்பார்கள். வெளியே தெரியும் அந்தச் சிவந்த வாய்தான் ஸ்டோமா. சில மாதம் கழித்து மறுபடி உள்ளே வைத்து மூடிவிடலாம் என்பதால் பலரும் இதைத் தற்காலிக ஏற்பாடாகத்தான் நினைக்கிறார்கள். ஆனால் பையோடு வீட்டுக்கு வந்த முதல் ஒன்றரை மாதம்தான் படாத பாடு படுத்தும். அந்தப் பாட்டில் பாதி, பையின் தகட்டில் வெட்டும் ஓட்டையின் அளவால் வருவது.

பெருங்குடலில் வைக்கும் ஸ்டோமாவில் மலம் ஓரளவு கட்டியாக வரும். சிறுகுடலில் வைப்பதில் அப்படியில்லை. கஞ்சி பதத்தில், நாள் முழுக்க, நினைத்த நேரத்தில் வந்துகொண்டே இருக்கும். அதில் கணையத்திலிருந்து வந்த செரிமான நீர் கலந்திருக்கிறது. சாப்பிட்ட பருப்பையும் முட்டையையும் கரைக்கிற அதே நீர், தோலில் பட்டால் தோலையும் கரைக்கத் தொடங்கும். சில மணி நேரத்தில் சிவக்கும், இரண்டு நாளில் தோல் உரிந்து கசியும். ஈரமான தோலில் தகடு ஒட்டாது. ஒட்டாததால் மறுபடி கசிவு, கசிவதால் மேலும் புண். இந்தச் சுழற்சியில் மாட்டியவர்கள், பை சரியில்லை என்று கம்பெனியை மாற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் பையில் கோளாறு இருக்காது.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். 58 வயது அம்மா. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும்போது ஸ்டோமா வீங்கி, 38 மில்லிமீட்டர் அகலம் இருந்தது. நர்ஸ் 40 மில்லிமீட்டருக்கு ஓட்டை வெட்டிக் காட்டினார். மகள் அதே அளவை அட்டையில் வரைந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதையே வைத்து வெட்டினார். முதல் இரண்டு வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. மூன்றாவது வாரம் பை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை, அடிப்பக்கத்தில் எரிச்சல். "ஓட்டை கொஞ்சம் பெரிசா இருந்தா ஸ்டோமாவுல இடிக்காதுன்னு நெனச்சேன் சிஸ்டர்" என்றார் மகள். அளந்து பார்த்தால் ஸ்டோமா 30 மில்லிமீட்டருக்குச் சுருங்கியிருந்தது. ஆக, சுற்றிலும் 5 மில்லிமீட்டர் தோல் மறைப்பில்லாமல் அந்த நீரில் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆறிலிருந்து எட்டு வாரம்வரை ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். அதுவரை வாரம் ஒருமுறை அளக்க வேண்டும். பை பெட்டியிலேயே வட்டங்கள் வெட்டிய அளவு அட்டை இருக்கும். ஸ்டோமா வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தால், கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளை மேலே பிடித்து பேனாவால் ஓரத்தை வரைந்துகொள்ளலாம். ஸ்டோமாவின் அளவைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக வெட்டுங்கள். அந்த அம்மாவுக்கு 33. ஓட்டை ரொம்பச் சின்னதாகிவிட்டாலும் சிக்கல்தான்: தகட்டின் ஓரம் ஸ்டோமாவை உரசிப் புண்ணாக்கும். வெட்டியபின் உள்விளிம்பை விரலால் ஒருமுறை தடவி, கத்தரியின் பிசிறு இருந்தால் மழுப்பிவிடுங்கள்.

தகட்டை மாற்ற நல்ல நேரம் காலையில் வெறும் வயிறு. காபிகூடக் குடிக்கும் முன். சாப்பிட்ட பிறகு மாற்ற உட்கார்ந்தால், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருக்கும். புதுத் தகட்டை முதலில் வெட்டி, தயாராக எடுத்து வைத்துவிட்டுத்தான் பழையதில் கை வைக்க வேண்டும். பழைய தகட்டைப் பிய்த்து இழுக்கக் கூடாது. மேல் ஓரத்தில் தொடங்கி, ஒரு கையால் தகட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தோலை மெல்லக் கீழே அழுத்திக்கொண்டே வந்தால் தகடு தானாக விடுபடும். ஈரத்துணி உதவும்.

கழற்றியதும் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அனுபவமுள்ள ஸ்டோமா நர்ஸ் முதலில் பார்ப்பது நோயாளியின் வயிற்றை அல்ல, இந்தத் தகட்டைத்தான். ஓட்டையைச் சுற்றி ஒரே சீராக கொஞ்சம் ஊறி வெளுத்திருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் கரைந்து, பழுப்புக் கறை வெளி ஓரம்வரை ஓடியிருந்தால், கசிவு அந்தப் பக்கம்தான். அந்த அம்மாவுக்குக் கறை கீழ்ப்பக்கம் ஓடியிருந்தது. படுத்திருக்கும்போது வயிறு தட்டையாகத்தான் தெரிந்தது. உட்காரச் சொன்னதும் ஸ்டோமாவுக்குக் கீழே ஒரு மடிப்பு விழுந்தது. நீர் வழிய அதுவே வாய்க்கால். அந்தப் பள்ளத்தில் ஸ்டோமா பேஸ்ட்டை வைத்து நிரப்பிச் சமப்படுத்தினார்கள். பேஸ்ட் என்பது பசை என்று பலரும் நினைத்து தகடு முழுக்கத் தடவுகிறார்கள். அது ஒட்டுவதற்கல்ல, மேடு பள்ளத்தை நிரவுவதற்கு. புண்ணான தோலில் சில பேஸ்ட் எரியும். அப்போது ஆல்கஹால் இல்லாத வளையம் கேட்டு வாங்கலாம்.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான துணியும் போதும். டெட்டால், ஸ்பிரிட் வேண்டாம். தேங்காய் எண்ணெய், மஞ்சள், முகப் பவுடர், குழந்தைகளுக்கான கிரீம் எதுவும் வேண்டாம்; நம் வீட்டுப் பெரியவர்கள் அன்பாகத்தான் சொல்வார்கள், ஆனால் எண்ணெய்ப் பசை இருக்கும் தோலில் தகடு நிற்காது. ஸ்டோமாவைத் துடைக்கும்போது துணியில் துளி ரத்தம் படலாம், பயப்பட வேண்டாம். அங்கே தொட்டால் வலிக்கவும் வலிக்காது. தோலைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்து நன்றாக உலர விடுங்கள். இடையில் ஸ்டோமா வழிந்தால் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வாயில் வைத்துக்கொள்ளலாம்.

தோல் உரிந்து ஈரமாக இருக்கிற இடத்தில் மட்டும் ஸ்டோமா பவுடரைத் தூவி, ஒட்டாத மிச்சத்தைத் தட்டிவிட வேண்டும். நல்ல தோலில் பவுடர் அப்பினால் தகடு வழுக்கும். தகட்டை உள்ளங்கைக்குள் ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்கிவிட்டு ஒட்டி, அதன் மேல் கையை ஓரிரு நிமிடம் அழுத்தி வைத்திருங்கள். அந்தச் சூட்டில்தான் பிசின் பிடிக்கிறது. சரியான அளவும் பவுடரும் பள்ளத்தில் பேஸ்ட்டுமாகச் சேர்ந்ததும், ஒரு நாள்கூட நிற்காத தகடு அந்த அம்மாவுக்கு மூன்று நாள் நின்றது. தோலும் சுமார் ஒரு வாரத்தில் ஆறியது.

இலியாஸ்டமிக்கு மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை தகட்டை மாற்றினால் போதும். வெயில் காலத்தில் வியர்வையால் இது குறையும். ஆனால் தகட்டுக்கு அடியில் எரிச்சலோ அரிப்போ தெரிந்தால், ஒட்டி ஒரு நாள்தான் ஆகிறது, பை விலை அதிகம் என்று பார்க்காமல் உடனே கழற்றுங்கள். கசிவின் மேல் பிளாஸ்டர் ஒட்டி அடைப்பதுபோல் கெடுதல் வேறில்லை, நீரைத் தோலோடு பூட்டி வைத்த கதைதான் அது. சிவந்த இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன புள்ளிகளாகப் பரவி அரித்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து தனி, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பையை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலி செய்துவிடுங்கள். எடை கூடினால் தகட்டை இழுக்கும். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை ஆகும். தரையோடு இருக்கும் கழிப்பறையில் முழங்கால் மடக்க முடியாதவர்கள் ஒரு சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, பையின் வாயைக் கோப்பைக்குள் பிடித்துத் திறக்கலாம். கழற்றிய பையைக் கழிப்பறையில் போடாமல், செய்தித்தாளில் சுற்றிக் கவரில் கட்டித் தனியாகக் கொடுங்கள். பாவாடை நாடாவும் பேன்ட் பெல்ட்டும் ஸ்டோமாவுக்கு மேலேயோ கீழேயோ தள்ளி இருக்கட்டும். இன்னொன்று, ஆசனவாய் வழியே அவ்வப்போது சளிபோல வரும், மலம் கழிக்கும் உணர்வும் வரும். லூப் இலியாஸ்டமியில் இது இயல்பு.

தோலைவிட ஆபத்தானது தண்ணீர் வற்றுவது. இலியாஸ்டமியோடு வீட்டுக்குப் போனவர்கள் திரும்ப மருத்துவமனையில் சேர முக்கியமான காரணமே இதுதான். உடம்பின் தண்ணீரையும் உப்பையும் கடைசியாக உறிஞ்சுவது பெருங்குடல்; அதற்கு இப்போது வேலையில்லை. அதனால் முதல் சில வாரங்களுக்கு, அளவுக்கோடு போட்ட ஒரு குவளையில் பையைக் காலி செய்து, நாள் மொத்தம் எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள். ஒரு லிட்டருக்குள் இருந்தால் கவலையில்லை. ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் அன்றே போன் செய்ய வேண்டும். தாகம் எடுக்கிறதே என்று சொம்பு சொம்பாக வெறும் தண்ணீர் குடித்தால் வெளியேறுவது இன்னும் கூடும், உப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். ஓஆர்எஸ் பவுடரைக் கரைத்துக் குடியுங்கள். பாக்கெட் ஒரு லிட்டருக்கானதா 200 மில்லிக்கானதா என்று படித்துப் பார்த்துக் கரைக்க வேண்டும். கையில் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். குளிர்பானமும் பழச்சாறும் இதற்கு மாற்றல்ல. அந்த இனிப்பே போக்கைக் கூட்டும். சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாகப் போவது, எழுந்தால் தலைசுற்றுவது, கெண்டைக்கால் இழுப்பது எல்லாம் வற்றுவதன் அறிகுறி. இரத்த அழுத்தத்துக்கோ நீர் பிரியவோ மாத்திரை எடுப்பவர்கள், போக்கு கூடிய நாளில் அதைத் தொடரலாமா என்று டாக்டரிடம் கேட்டாக வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, நாலைந்து மணி நேரமாகப் பையில் ஒன்றுமே விழாமல், வயிறு முறுக்கி வலித்து வாந்தியும் வந்தால் குடல் அடைத்திருக்கலாம். தேங்காய்ச் சில்லு, மக்காச்சோளம், காளான், ஆரஞ்சின் வெள்ளை நார், சரியாக மெல்லாத கீரைத்தண்டு போன்றவை அடைக்கக் கூடியவை. முதல் மாதங்களில் தள்ளி வையுங்கள். அடைப்பு என்று தோன்றினால் பேதி மருந்து எதுவும் குடிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஸ்டோமா உள் உதட்டின் நிறத்தில், ஈரமாக இருக்க வேண்டும். கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் அது இரத்த ஓட்டம் தடைபடுவது, இரவென்றாலும் காத்திருக்கக் கூடாது. ஸ்டோமாவின் உள்ளிருந்து ரத்தம் வந்தாலும், மேலே கசிவது பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டாலும், குடல் வழக்கத்தைவிட நீளமாகத் துருத்தி வந்துவிட்டாலும், காய்ச்சலோடு வயிற்றுவலி இருந்தாலும் அப்படியே. போனில் பேசும்போது கடைசியாகப் பையில் எப்போது விழுந்தது, நேற்று மொத்தம் எத்தனை மில்லி, கடைசியாகச் சிறுநீர் எப்போது போனது என்ற மூன்றையும் நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். முழு மாத்திரை கரையாமல் பையில் வந்து விழுந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், மருந்தின் வடிவத்தை மாற்ற வேண்டியிருக்கும்.